பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு அடையாள அட்டைகள்: மொழிபெயர்ப்பும் பயணக் குறிப்புகளும்

பேஸ்மேக்கர் எனப்படும் இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்கும், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மருத்துவமனையிலிருந்து ஓர் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. உடலினுள் எந்தக் கருவி, எந்த நாளில், எந்த மருத்துவமனையில் பொருத்தப்பட்டது என்பதை அது தெரிவிக்கும். நம் மாநிலத்தில் இந்த அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோர் பலர். அவர்களும் அவர்களை அழைத்துச் செல்வோரும் புறநோயாளர் பிரிவில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. இந்த அட்டையைத் தமிழிலோ அரபியிலோ மொழிபெயர்க்க வேண்டுமா? விமான நிலையச் சோதனைக் கருவிகள் உள்ளேயிருக்கும் கருவியைக் கெடுத்துவிடுமா?

இரண்டாவது கேள்விக்கான விடை எளிது; அது பின்னால் வருகிறது. முதல் கேள்வியில்தான் கவனம் தேவை. விமான நிலையத்தில் அட்டையால் ஏற்படும் சிக்கல் சில நிமிடத் தாமதத்தோடு முடிந்துவிடும். அட்டையில் உள்ள ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் நோயாளியை எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பினால் ஏற்படும் சிக்கல் அப்படி முடியாது.

யாருக்காக மொழிபெயர்க்கிறோம்?

அட்டையைப் படிக்கப் போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் உரியது. இரவில் மயக்கம் வந்தால் 108 ஊர்தியில் வருபவரிடம் என்ன சொல்வது, எந்தப் பக்கத் தோளின் கீழ் கருவி இருக்கிறது, எப்போது பேட்டரி மாற்றப்பட்டது என்பவற்றை வீட்டில் உள்ள மருமகளோ பேரனோ உடனே படித்துச் சொல்ல அது உதவும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலருக்கு அதனால் பயன் இல்லை. அவருக்கு ஆங்கில மூல அட்டையே போதும்.

வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் விமான நிலையங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் ஆங்கிலம் புழங்குகிறது. ஆகவே பெரும்பாலான பயணிகள் பணம் கொடுத்து அரபி மொழிபெயர்ப்பு வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆங்கிலம் அதிகம் புழங்காத நாட்டில் நீண்ட நாள் தங்கப் போகிறவர்களுக்கு அந்நாட்டு மொழியில் ஒரு பக்கக் குறிப்பு உதவும். எந்த மொழியில் எழுதினாலும் அது மூல அட்டையோடு சேர்ந்தே செல்ல வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் புறப்படுவோர் உண்டு. அவ்வாறு செய்யாதீர்கள்.

மாற்றாமல் அப்படியே எழுத வேண்டியவை

அட்டையில் உள்ளவற்றில் பாதி, மொழிபெயர்க்கவே கூடாதவை. தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், வரிசை எண், கருவி இயங்கும் முறையைக் குறிக்கும் எழுத்துகள் ஆகியவற்றை ஆங்கில எழுத்திலேயே, இடைக்கோடு உட்பட, அப்படியே எழுத வேண்டும். வெளியூர் மருத்துவர் அந்த எண்களைக் கொண்டுதான் நிறுவனத்தைத் தொடர்புகொள்வார். கருவியைச் சோதிக்க எந்த நிறுவனத்தின் கணினி வேண்டும் என்பதையும் அவற்றிலிருந்தே அறிவார். தமிழ் ஒலிப்பில் எழுதிய எண்ணை வைத்து எதையும் தேட இயலாது. பூஜ்யத்துக்கும் ஆங்கில எழுத்தான O-வுக்கும், ஒன்று என்ற எண்ணுக்கும் I என்ற எழுத்துக்கும் குழப்பம் நேர்வது மிக எளிது. ஒருவர் மூலத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றொருவர் படியைச் சரிபார்ப்பது நல்லது. அரபியில் எழுதுவதானால் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அரபி வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து. அதன் நடுவே இடைக்கோடுள்ள எண்ணைத் தட்டச்சு செய்தால், திரையில் எண்ணின் பகுதிகள் இடம் மாறிக் காட்சியளிக்கக்கூடும். எண்களைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இயங்கும் முறையின் எழுத்துகளுக்குப் பொருள் சொல்லலாம்; எழுத்துகளை மாற்றக் கூடாது. எடுத்துக்காட்டாக `DDDR` என்பதில் முதல் எழுத்து, இதயத்தின் மேலறை, கீழறை இரண்டையும் கருவி தூண்டுகிறது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து, இரண்டு அறைகளின் இயல்பான துடிப்பையும் அது கவனிக்கிறது என்பதைக் குறிக்கும். கவனித்ததற்கு ஏற்ப நிறுத்தவும் தூண்டவும் வல்லது என்பது மூன்றாவது எழுத்து. உடல் அசைவுக்கு ஏற்பத் துடிப்பின் வேகத்தைக் கூட்டும் என்பது நான்காவது. `VVI` என்றிருந்தால் கருவி கீழறையை மட்டும் தூண்டுகிறது. அந்த அறை தானாகத் துடித்தால் ஒதுங்கிக்கொள்கிறது. தமிழ்ப் படியில் "இரண்டு அறைகளையும் கவனித்து இயங்குவது" என்று விளக்கம் எழுதி, பக்கத்தில் அந்த நான்கு எழுத்துகளையும் வைத்தால் போதும்.

நாள்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 05/06/2023 என்பதை நாம் ஜூன் 5 என்று படிப்போம். அமெரிக்க வழக்கத்தில் அது மே 6. மொழிபெயர்ப்பில் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள்.

பெயரும் கவனத்துக்குரியது. மருத்துவமனைப் பதிவில் தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் அந்த முதலெழுத்து முழுப் பெயராக விரிந்திருக்கும். சில நேரங்களில் முன்பின்னாகவும் மாறியிருக்கும். அட்டையும் கடவுச்சீட்டும் ஒரே ஆளுடையவை என்பதை அயல்நாட்டு அலுவலர் புரிந்துகொள்வது கடினம். அட்டையில் நீங்களே திருத்தம் செய்யாதீர்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இட்ட ஒரு கடிதத்தைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் பெற்று, அட்டையோடு இணைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் முகப்புத் தாளில், மருத்துவரின் பதிவு எண்ணோடும் நாட்டுக் குறியீட்டு எண்ணுடன் கூடிய தொலைபேசி எண்ணோடும் அக்கடிதம் இருக்க வேண்டும்.

தவறிப்போகும் சொற்கள்

அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் சில சொற்கள் வேடிக்கையாக முடியும். "லீட்" என்பது கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் மின்கம்பி. அதை "ஈயம்" என்று எழுதிவிடுவார்கள். "லோயர் ரேட் 60" என்பது நிமிடத்துக்கு 60 துடிப்புக்குக் கீழே இறங்க விடாது என்று பொருள்படும். அது "குறைந்த விலை 60" ஆகிவிடும். மூட்டு அட்டையில் உள்ள `LOT` என்பது தயாரிப்புத் தொகுதி எண். அதை "நிறைய" என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். இவை சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியவை. சிரிக்க முடியாத பிழைகள் இரண்டு உண்டு.

முதலாவது, கருவியின் வகை. நம் ஊரில் மார்பில் பொருத்தப்படும் எந்த மின்கருவியையும் "பேஸ்மேக்கர்" என்றே அழைக்கிறோம். ஆனால் ஐ.சி.டி. எனப்படும் கருவி வேறு. இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் நிலையில் மின் அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பது அது. வலுவான காந்தம் மேலே வைக்கப்பட்டால் சாதாரணப் பேஸ்மேக்கர், இதயத்தைக் கவனிக்காமல் ஒரே சீரான வேகத்தில் தூண்டத் தொடங்கும். ஐ.சி.டி.யோ, காந்தம் இருக்கும்வரை அதிர்ச்சி கொடுப்பதையே பொதுவாக நிறுத்திவைக்கும். ஒரே காந்தம் இரண்டிலும் வெவ்வேறு விளைவைத் தருவதால், மயக்கநிலை மருத்துவரும் அவசரப் பிரிவு மருத்துவரும் முதலில் அறிய விரும்புவது இதைத்தான். அட்டையில் "டிஃபிப்ரிலேட்டர்" என்ற சொல் இருந்தால், தமிழ்ப் படியில் "மின்அதிர்ச்சி தரும் இதயக் கருவி, ஐ.சி.டி." என்றே எழுதுங்கள். பேஸ்மேக்கர் என்று சுருக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, எம்.ஆர்.ஐ. பற்றிய சொல். அட்டைகளில் மூன்று வகைக் குறிப்புகள் வரும். "எம்.ஆர். சேஃப்" என்றால் எந்த எம்.ஆர்.ஐ. சூழலிலும் தீங்கில்லாதது, இதற்குப் பச்சை நிறச் சதுரம் குறியீடு. "எம்.ஆர். அன்சேஃப்" என்றால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லவே கூடாதது. குறுக்குக்கோடிட்ட சிவப்பு வட்டம் இதன் குறியீடு. இவற்றுக்கு இடையில் மஞ்சள் முக்கோணத்துடன் வருவது "எம்.ஆர். கண்டிஷனல்". இன்றைய பேஸ்மேக்கர்கள் பலவும் இந்த நடு வகையைச் சேர்ந்தவை. எனினும் வீடுகளில் "எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்" என்றுதான் இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பிலும் அப்படியே வந்துவிடுகிறது.

சரியான தமிழ், "நிபந்தனைகளுக்கு உட்பட்டு மட்டும்". அந்த நிபந்தனைகளில் காந்தத்தின் வலிமை ஒன்று, 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்பது கருவிக்குக் கருவி மாறும். கருவி பொருத்திப் பல வாரங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பல கருவிகளுக்கு ஆறு வாரம் எனக் குறிப்பிடப்படுகிறது. படம் எடுப்பதற்கு முன் கருவியை அதற்கான நிலைக்கு மாற்றி, எடுத்து முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இதற்கு அந்த நிறுவனத்தின் கணினியும் பயிற்சி பெற்றவரும் தேவை. "எடுக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லில் இவை எல்லாம் மறைந்துவிடும்.

ஓர் அட்டையை மொழிபெயர்த்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். புளியங்குடியைச் சேர்ந்த 70 வயது அம்மையார் ஒருவர் துபாயில் உள்ள மகன் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் புறப்படுகிறார். அவருக்கு 2013-இல் இரண்டு கம்பிகளுடன் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. பேட்டரி தீர்ந்ததால் 2023-இல் பெட்டி மட்டும் மாற்றப்பட்டது. 2021-இல் இடது முழங்காலில் செயற்கை மூட்டு வைக்கப்பட்டது. அவர் கையில் மூன்று அட்டைகள் இருக்கின்றன: பழைய பேஸ்மேக்கர் அட்டை, புதிய பேஸ்மேக்கர் அட்டை, மூட்டு அட்டை.

பழையது செல்லாது என்று 2013-ஆம் ஆண்டு அட்டையை எறிந்துவிட எண்ணுவது இயல்பு. எறியக் கூடாது. 2023-இல் மாற்றப்பட்டது தோளின் கீழுள்ள பெட்டி மட்டுமே. இதயத்துக்குள் செல்லும் கம்பிகள் 2013-இல் வைத்தவையே. கம்பி முனைகளுக்கு உலகப் பொதுவான அளவு இருப்பதால், ஒரு நிறுவனத்தின் பழைய கம்பியை வேறு நிறுவனத்தின் புதிய பெட்டியோடு இணைக்க முடியும். மருத்துவமனைகளில் அவ்வாறு செய்வதும் உண்டு.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. சொல் சிக்கலாகிறது. புதிய அட்டையில் "எம்.ஆர். கண்டிஷனல்" என்று அச்சிட்டிருக்கிறது, அது பெட்டிக்கு உரிய தகுதி. அந்தத் தகுதி செல்லுபடியாக வேண்டுமானால் பெட்டி, கம்பிகள் இரண்டும் சேர்ந்த முழுத் தொகுதியும் அதற்கெனச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழைய கம்பி வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலோ, பயன்பாடில்லாமல் விடப்பட்ட கம்பி ஒன்று உள்ளே இருந்தாலோ அந்தத் தொகுதி "கண்டிஷனல்" வகையில் சேராது. அப்போதும் எம்.ஆர்.ஐ. முற்றிலும் இயலாது என்பதில்லை. ஆனால் அந்த முடிவை இதயநோய் மருத்துவர், தேவையையும் ஆபத்தையும் எடைபோட்டு எடுக்க வேண்டும்.

எனவே அம்மையாரின் தமிழ்ப் படியில் பெட்டியையும் கம்பிகளையும் ஒரே வரியில் எழுதாமல் தனித்தனியாக எழுதுகிறோம். முதலில் "இதய முடுக்கிப் பெட்டி, இடது மார்பு, பொருத்திய நாள் 2023 ஜூன் 5" என்று எழுதி, மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் மூலத்தில் உள்ளபடி. அதன்கீழ் "மேலறைக் கம்பி, பொருத்திய ஆண்டு 2013", அதன் எண்கள். அடுத்து "கீழறைக் கம்பி, பொருத்திய ஆண்டு 2013", அதன் எண்கள். எம்.ஆர்.ஐ. பற்றி "பெட்டிக்கு மட்டும்: நிபந்தனைக்கு உட்பட்டது. கம்பிகள் பழையவை. இதய மருத்துவரைக் கேட்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம்" என்று தெளிவாக ஒரு வரி. துபாயில் முதுகுவலிக்காக அவரை யாரேனும் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், மகன் முதலில் காட்ட வேண்டியது இந்த வரியைத்தான். ஆங்கிலக் கடிதத்திலும் இதே செய்தி இடம்பெற வேண்டும்.

அக்கடிதத்தில் இன்னொரு செய்தியையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். நோயாளியின் இதயம் முழுவதும் கருவியையே நம்பித் துடிக்கிறதா, அல்லது இடையிடையே மட்டும் கருவி உதவுகிறதா என்பது அட்டையில் இருப்பதில்லை. அறுவை சிகிச்சையோ விபத்தோ நேரும்போது இது மிக முக்கியம். கடைசியாகக் கருவி சோதிக்கப்பட்ட நாளும், பேட்டரியின் எஞ்சிய காலமும் சேர்ந்திருந்தால் நன்று.

மூட்டு அட்டையும் ஒட்டுச்சீட்டுகளும்

அம்மையாரின் மூட்டு அட்டை பார்ப்பதற்கு அட்டை போலவே இராது. மூன்று நான்கு ஒட்டுச்சீட்டுகள் ஒட்டிய தாளாக இருக்கும். செயற்கை முழங்கால் என்பது ஒரே பொருளன்று. தொடை எலும்பின் முனையை மூடும் உலோகம், கணைக்கால் எலும்பின் மேலுள்ள உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பட்டை ஆகியவை தனித்தனியே பெட்டியிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டுச்சீட்டு உண்டு. அதில் `REF` என்பது பொருளின் பட்டியல் எண், `LOT` என்பது தயாரிப்புத் தொகுதி எண்.

ஒட்டுச்சீட்டில் மணற்கடிகாரப் படமும் அருகில் ஒரு நாளும் இருக்கும். அதைக் "காலாவதி நாள்" என்று மொழிபெயர்த்துவிட்டு, உள்ளே இருக்கும் மூட்டு அன்றோடு கெட்டுப்போகும் என்று அஞ்சி வருபவர்கள் இருக்கிறார்கள். உறை பிரிக்காத நிலையில் பொருளை எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையே அந்நாள் குறிக்கிறது. உடலில் வைத்தபின் அதற்குப் பொருளில்லை. தமிழ்ப் படியில் இந்த நாளை விட்டுவிடலாம்.

தொகுதி எண்ணை மட்டும் விட்டுவிடக் கூடாது. 2010-இல் உலோகத்தோடு உலோகம் உராயும் வகையைச் சேர்ந்த ஓர் இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பலரைப் பின்னர் கண்டறிய இயலாமற்போனது. தம் இடுப்பில் எந்த மூட்டு இருக்கிறது என்பதற்கான சான்று கையில் இருந்தவர்கள் மட்டுமே தாம் பாதிக்கப்பட்டவர்களா என்பதை உடனே அறிய முடிந்தது.

எலும்பு முறிவுக்காகத் தகடு, திருகாணி, கம்பி வைத்தவர்கள் தங்களுக்கு ஏன் அட்டை தரவில்லை என்று கேட்பதுண்டு. 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவக் கருவி விதிகள்கூட, உடலில் வைக்கும் கருவிகளுக்கு அட்டையைக் கட்டாயமாக்கினாலும், தகடு, திருகாணி போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. இவர்களுக்கு மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கமே சான்று. அந்த ஐரோப்பிய அட்டைகளில் நோயாளி, நாள், மருத்துவமனை ஆகியவை சொற்களுக்குப் பதிலாகச் சிறு படங்களால் குறிக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பின் தேவையைக் குறைப்பதே அதன் நோக்கம். உங்கள் அட்டையில் படங்கள் மட்டும் இருந்தால் அது குறைபாடு என்று எண்ண வேண்டாம்.

விமான நிலையத்தில்

எந்த அட்டையும் உங்களைச் சோதனையிலிருந்து விலக்காது. சோதனையை எவ்வாறு செய்ய வேண்டும் என்று கேட்பதற்கே அட்டை உதவும்.

நம் நாட்டு விமான நிலையங்களில் உலோகங்காட்டும் நுழைவாயிலைக் கடந்த பிறகும், கையில் பிடிக்கும் உலோகங்காட்டியால் ஒவ்வொருவரையும் சோதிப்பது வழக்கம். பேஸ்மேக்கர் உள்ளவர் நுழைவாயிலை இயல்பான நடையில் கடந்து செல்லலாம். அதனால் கருவிக்குக் கேடில்லை. வாயிலின் நடுவே நிற்பதோ தூணில் சாய்வதோ கூடாது. முன்னால் வரிசை நின்றுவிட்டால், வாயிலுக்கு வெளியே காத்திருந்து வழி விட்டபின் நடங்கள். கையில் பிடிக்கும் கருவியைப் பொறுத்தவரை, அதை மார்பிலுள்ள பெட்டியின் மேல் நிறுத்தி வைப்பதும் திரும்பத் திரும்ப அசைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். ஆகவே சோதனை தொடங்கும் முன்பே அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். "பேஸ்மேக்கர் ஹை, மஷீன் மத் லகாயியே, ஹாத் சே செக் கீஜியே" என்ற இந்தி வரியை வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொள்வது, தமிழ் தெரியாத காவலரிடம் மிகவும் உதவும். பெண்களைப் பெண் காவலரே திரையிட்ட அறையில் சோதிப்பார்.

சோதனையின்போது தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால், அந்தக் கருவியை விட்டுச் சில அடி விலகி அமருங்கள். பொதுவாகப் பேஸ்மேக்கர் உடனே தன் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். அறிகுறி நீடித்தாலோ, ஐ.சி.டி. உள்ளவருக்கு அதிர்ச்சி ஏற்பட்டாலோ விமான நிலைய மருத்துவப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அந்த விமானத்தில் ஏறக் கூடாது.

செயற்கை மூட்டு உள்ளவருக்கு நுழைவாயிலில் மணி ஒலிப்பது இயல்பு. கோபால்ட்-குரோமியம், டைட்டானியம் போன்ற உலோகங்களை அது உணர்கிறது. மூட்டுக்கு எந்தத் தீங்கும் இல்லை. சில நாள்களில் ஒலிக்காமலும் போகலாம். எந்த அளவு உலோகத்துக்கு ஒலிக்க வேண்டும் என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறுபடுவதே காரணம். மூட்டு இடம் மாறிவிட்டதாக அஞ்ச வேண்டாம். முழங்காலைத் தொட்டுப் பார்க்க வசதியான தளர்ந்த உடை அணிந்து செல்லுங்கள். எந்த மூட்டு, எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் காவலர் அந்த இடத்தை மட்டும் மறுமுறை பார்த்து அனுப்பிவிடுவார். ஊன்றுகோல் பயன்படுத்துபவர் அதை எக்ஸ்-கதிர்ப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரை அமர நாற்காலி கேட்கலாம்.

அயல்நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் கைகளை உயர்த்தி நிற்கச் செய்து உடலை வருடும் அறை இருக்கும். இதில் பயன்படும் மில்லிமீட்டர் அலைகள் தோலுக்குள் ஊடுருவிச் செல்வதில்லை. ஆகவே பேஸ்மேக்கருக்கும் கேடில்லை. உள்ளே இருக்கும் மூட்டும் அதில் தெரியாது.

அட்டையை எடுத்துச் செல்லும் முறையிலும் ஒரு கவனம் தேவை. கழுத்தில் தொங்கவிடும் பயணப் பைகள் சிலவற்றின் மூடியில் காந்தம் இருக்கும். அது சரியாகப் பேஸ்மேக்கரின் மேல் வந்து படியும். கைப்பேசிகள் சிலவற்றின் பின்புறத்திலும் வலுவான காந்தம் உண்டு. காந்தமுள்ள எதையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே வையுங்கள். சட்டையின் இடது பையில் கைப்பேசி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அட்டைக்குப் பொத்தானோ இழுவைப் பூட்டோ உள்ள சாதாரணத் துணிப்பை போதும்.

அட்டை இல்லாதவர்களும் வேற்றுமொழி அட்டையுடன் வருபவர்களும்

அட்டை தொலைந்தவர்கள் முதலில் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவை அணுகுங்கள். கருவியின் ஒட்டுச்சீட்டில் ஒன்று நோயாளியின் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். பழைய கட்டண ரசீதையும் தேடுங்கள். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தபோது, மூட்டின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை ரசீதில் தனியே குறிக்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. அதற்குப் பின் முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த ரசீதே பாதி அட்டை. பேஸ்மேக்கராக இருந்தால், தயாரிப்பு நிறுவனத்திடம் உள்ள பதிவைக் கொண்டு மாற்று அட்டை பெற்றுத்தரும்படி இதயநோய்ப் பிரிவில் கேளுங்கள். புறப்படும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே இதைத் தொடங்க வேண்டும். எந்த ஆவணமும் கிடைக்காதபோது மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெட்டியின் வடிவமும் அதிலுள்ள அடையாளக் குறியும் நிறுவனத்தை அறிய உதவும். ஆனால் வரிசை எண் அதில் தெரியாது.

வளைகுடாவில் வேலை செய்தபோது அங்கே கருவி பொருத்திக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அரபியில் மட்டும் உள்ள தாள்களைக் கொண்டுவருவதுண்டு. அவற்றை ஊரில் அரபி படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது முதல் உதவிக்குப் போதும். மருத்துவச் சொற்களுக்கு அது போதாது. தாளை நேரடியாகத் தமிழுக்கு மாற்றாமல், பொருத்திய மருத்துவமனைக்கே மின்னஞ்சல் அனுப்பி ஆங்கிலச் சுருக்கம் கேளுங்கள். அது வரும்வரை, அரபித் தாளில் ஆங்கில எழுத்தில் உள்ள எண்களையும் குறியீடுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கள் வழக்கமாகச் செல்லும் இதயநோய் மருத்துவரிடமோ அசல் தாள்களுடன் செல்லுங்கள்.